மாவுக் கடையின் பிரேக்-ஈவன் படம்: கோடுகள் இரண்டு இடத்தில் வெட்டுகின்றன, எதைப் பார்ப்பது?

கொழிஞ்சாம்பாறை மாவுக்கடை

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் இட்லி, தோசை மாவு அரைத்து விற்கிறோம். சரக்கு ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். ஒரு கிலோ பாக்கெட், 50 ரூபாய். சித்தூரில் பி.காம். படிக்கும் என் தங்கை மகள் கடைக் கணக்கை வாங்கிப் போய் ஒரு படம் வரைந்து தந்திருக்கிறாள். படுக்கைக் கோட்டில் மாதத்துக்கு எத்தனை பாக்கெட், நிற்கும் கோட்டில் ரூபாய்.

உள்ளே மூன்று கோடுகள் இருக்கின்றன. ஒன்று 30,000-இல் ஏறாமல் இறங்காமல் அப்படியே போகிறது. அது நிலைச் செலவு: வாடகை 9,000, ஆள் சம்பளம் 15,000, கிரைண்டர் கடன் தவணை 4,000, மற்ற சில்லறை 2,000. இரண்டாவது கோடு அதே 30,000-இல் தொடங்கி மேலே ஏறுகிறது. அது மொத்தச் செலவு. அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, கவர், கரண்ட் எல்லாம் சேர்த்து பாக்கெட்டுக்கு 30 ரூபாய். மூன்றாவது விற்பனைக் கோடு, சைபரில் தொடங்கி எல்லாவற்றையும் விடச் செங்குத்தாக ஏறுகிறது.

இந்த விற்பனைக் கோடு 600 பாக்கெட்டில் ஒரு கோட்டை வெட்டுகிறது, 1,500-இல் இன்னொரு கோட்டை வெட்டுகிறது. எது எங்கள் பிரேக்-ஈவன், அதாவது லாபமும் நட்டமும் இல்லாத புள்ளி? நாங்கள் விற்பது மாதம் 1,800. அந்த இடத்தில் அம்புக்குறி போட்டு "பாதுகாப்பு விளிம்பு 300 பாக்கெட், லாபம் 6,000" என்று எழுதியிருக்கிறாள். பிரச்சினை என்னவென்றால் அந்த 6,000 கல்லாவில் இல்லை. மாதக் கடைசியில் வந்ததும் போனதும் சரியாகிவிடுகிறது. கையாடல் எதுவும் கிடையாது, கல்லாவில் நானும் என் வீட்டுக்காரியும்தான் இருக்கிறோம். படம் தப்பா, அல்லது நாங்கள் பார்ப்பது தப்பா?

வேலந்தாவளம் மளிகை

அண்ணா, 600 தான். வாடகை, சம்பளம், தவணை இதுதானே தலைவலி? 600 பாக்கெட் விற்றால் 30,000 வந்துவிடுகிறது. தினம் 20 பாக்கெட். அதற்கு மேல் விற்பதெல்லாம் உங்களுக்கு நிற்கும். நானும் மளிகையில் இப்படித்தான் பார்க்கிறேன்: மாதம் பிறந்தால் முதலில் வாடகையும் சம்பளமும் தேறட்டும், அப்புறம் வருவது நமக்கு. 1,500 என்பதெல்லாம் பாடப் புத்தகத்துக்காக.

சித்தூர் கணக்கு

சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மளிகை அண்ணா சொல்வதில் பாதி சரி. நிலைச் செலவைத் தேற்றிய பிறகுதான் லாபம் என்பது சரி. ஆனால் அதை எந்தப் பணத்தால் தேற்றுவது என்பதில் தவறிவிட்டார். 600 பாக்கெட் விற்ற அன்று கல்லாவில் 30,000 இருக்கும், உண்மைதான். ஆனால் அந்த 600 பாக்கெட்டுக்குள் 18,000 ரூபாய் அரிசியும் உளுந்தும் போயிருக்கிறது. அரிசிக் கடைக்காரருக்கு அதைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் மிஞ்சுவது 12,000. வாடகைக்கும் சம்பளத்துக்கும் இன்னும் 18,000 குறைகிறது. படத்திலேயே இது தெரியும். 600-க்கு நேர் மேலே பாருங்கள், விற்பனைக் கோடு 30,000-இல் இருக்கும், மொத்தச் செலவுக் கோடு 48,000-இல் இருக்கும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளிதான் நட்டம்.

ஆகவே பார்க்க வேண்டிய வெட்டு, விற்பனைக் கோடும் மொத்தச் செலவுக் கோடும் சந்திக்கும் இடம். நிலைச் செலவுக் கோட்டோடு விற்பனைக் கோடு வெட்டுவது படத்தில் தற்செயலாக விழும் புள்ளி, அதற்குக் கடையில் ஒரு பயனும் இல்லை. ஒரு பாக்கெட் விற்றால் 50-இல் 30 சரக்குக்குப் போய் 20 நிற்கிறது. 30,000-ஐ இருபது இருபதாகச் சேர்க்க 1,500 பாக்கெட் வேண்டும். தினம் 50.

அதற்கு அப்பால் இரண்டு விதமாகப் படிக்கலாம். 1,500-க்கும் 1,800-க்கும் நடுவே படுக்கையாக இருக்கும் 300 பாக்கெட், விற்பனை எவ்வளவு விழலாம் என்பதைச் சொல்கிறது. 1,800-இல் ஆறில் ஒரு பங்கு விழும்வரை தாங்கும். 1,800-க்கு நேர் மேலே இரண்டு கோடுகளுக்கும் நடுவே செங்குத்தாக இருப்பது 6,000 ரூபாய் லாபம். உங்கள் தங்கை மகள் கோடு போட்டதில் தவறு இல்லை.

அப்படியானால் 6,000 எங்கே? எனக்கு ஒரு சந்தேகம். படுக்கைக் கோட்டில் இருப்பது விற்ற பாக்கெட்டா, அரைத்த பாக்கெட்டா? மாதம் எத்தனை கிலோ அரிசியும் உளுந்தும் வாங்குகிறீர்கள் என்று பில்லைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு கிலோ அரிசி-உளுந்துக்கு உங்கள் கையில் எவ்வளவு மாவு வருகிறது என்பதையும் சொல்லுங்கள்.

மீனாட்சிபுரம் ஜவுளி

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு வந்தது. எனக்குத் துணிக்கடை. சேலை, நைட்டி, குழந்தைத் துணி என்று நூறு தினுசு. பாக்கெட் எண்ணுவது எனக்கு ஆகாது. நான் 400-க்கு வாங்கி 500-க்கு விற்கிறேன், 25 சதவீதம் லாபம். மாத நிலைச் செலவு 40,000. அப்படியானால் 1,60,000 விற்றால் என் புள்ளி வந்துவிட்டதா? வந்த மாதிரித் தெரியவில்லை.

சித்தூர் கணக்கு

ஜவுளி அண்ணா, 25 என்பது வாங்கிய விலைக்கு மேல் வைத்தது. படத்துக்கு வேண்டியது விற்ற விலையில் எவ்வளவு நிற்கிறது என்பது. 500-இல் 100 நிற்கிறது, அதாவது 20 சதவீதம். 40,000 தேற 2,00,000 விற்க வேண்டும். 1,60,000 விற்ற மாதத்தில் உங்களுக்கு நின்றது 32,000 தான், 8,000 நட்டம். உங்கள் மாதிரிப் பல தினுசு விற்பவர்கள் படுக்கைக் கோட்டிலும் ரூபாயையே போட்டுக்கொள்ளலாம், ஆனால் எல்லாத் துணியிலும் ஏறக்குறைய இதே விகிதம் நிற்கிறதா என்று பாருங்கள். ஆடித் தள்ளுபடிக்கு 10 சதவீதம் குறைத்தால் உருப்படிக்கு நிற்கும் 100 ரூபாய் 50 ஆகிவிடும். 400 உருப்படியில் தேறிய அதே செலவுக்கு 800 உருப்படி போக வேண்டும். தள்ளுபடி போர்டு எழுதுவதற்கு முன்னால் அந்த 800 உங்கள் கடையில் நடக்குமா என்று யோசியுங்கள்.

மாவுக்கடை அண்ணா, உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை மாவுக்கடை

பில் எடுத்துப் பார்த்தேன் அக்கா. அரிசி 640 கிலோ, உளுந்து 160 கிலோ, மொத்தம் 800. எங்கள் அளவில் ஒரு கிலோவுக்கு இரண்டரைக் கிலோ மாவு வரும். தண்ணீர் கூட விட்டால் இன்னும் வரும், ஆனால் தோசை பிய்ந்து போகும், நாங்கள் விடுவதில்லை.

தினம் அரைப்பது 66, 67 பாக்கெட். விற்பது சராசரி 60. சனி, ஞாயிறில் எல்லாம் போய்விடும். திங்கள், செவ்வாயில் பத்துப் பன்னிரண்டு நிற்கும். மறுநாள் காலையில் கொஞ்சம் விற்கப் பார்ப்போம், புளித்துவிட்டால் மாட்டுக்குத்தான். மார்ச், ஏப்ரல் வெயிலில் மத்தியானத்துக்கே பொங்கி கவர் வெடித்துவிடுகிறது. ஃப்ரிட்ஜ் இருக்கிறது, சின்னது.

சித்தூர் கணக்கு

அப்படியானால் உங்கள் 6,000 மாட்டுத் தொட்டியில் இருக்கிறது, அண்ணா.

800 கிலோவுக்கு 2,000 பாக்கெட். விற்றது 1,800. படம் போட்டபோது விற்ற 1,800-க்கு மட்டும் தலைக்கு 30 என்று 54,000 போட்டிருக்கிறது. நீங்கள் செலவழித்தது 2,000-க்கு, அதாவது 60,000. வந்தது 90,000. அதில் 60,000 சரக்குக்கும் 30,000 நிலைச் செலவுக்கும் போனால் மிச்சம் சைபர். கல்லா பொய் சொல்லவில்லை.

இதையே கோட்டில் பார்க்கலாம். 60,000-ஐ விற்ற 1,800-ஆல் வகுத்தால் விற்கும் பாக்கெட் ஒன்றுக்குச் சரக்குச் செலவு 33 ரூபாய் 33 காசு. மொத்தச் செலவுக் கோடு தொடங்கும் இடம் மாறவில்லை, அதே 30,000 தான். ஆனால் இன்னும் கொஞ்சம் செங்குத்தாக ஏறுகிறது. பாக்கெட்டுக்கு நிற்பது 20 அல்ல, 16 ரூபாய் 67 காசு. 30,000 தேற வேண்டிய பாக்கெட் 1,800. நீங்கள் நிற்கும் இடமே வெட்டுப் புள்ளி. 300 என்று எழுதியிருந்த பாதுகாப்பு விளிம்பு உண்மையில் இல்லை. பாக்கெட்டுக்கு 3 ரூபாய் 33 காசு கூடியதில் புள்ளி 300 பாக்கெட் தள்ளிப் போயிருக்கிறது. இரண்டு கோடுகளும் நெருங்கிய சாய்வில் ஏறும்போது ஒன்றைச் சற்றே அசைத்தாலும் அவை சந்திக்கும் இடம் வெகுதூரம் ஓடும். விற்ற விலையில் கொஞ்சமே நிற்கும் சரக்கில் இதுதான் நடக்கிறது.

இப்போது என்ன செய்வது? குறைத்து அரைத்தால் சனிக்கிழமை ஆள் திரும்பிப் போவார்களே என்று பயம் வரும். அதையும் கணக்குப் போடலாம். ஒரு பாக்கெட் அதிகமாக அரைத்தால் 30 ரூபாய் போகிறது, விற்றால் 50 வருகிறது. ஆகவே கடைசியாக அரைக்கும் அந்தப் பாக்கெட் பத்து நாளில் ஆறு நாளுக்கு மேல் விற்றால் அரைப்பது லாபம், அதற்குக் கீழே போனால் நட்டம். சனிக்கிழமையின் 66-ஆவது பாக்கெட் எப்போதும் போகிறது, விடாதீர்கள். செவ்வாயின் 66-ஆவது பாக்கெட் எப்போதாவதுதான் போகிறது. கிழமைக்குக் கிழமை வேறு வேறு அளவு அரையுங்கள்.

மாதத்தில் 100 பாக்கெட் குறைத்து 1,900 அரைத்து, அதனால் 20 பாக்கெட் விற்பனை போய் 1,780 ஆனாலும் பாருங்கள்: வரவு 89,000, சரக்கு 57,000, நிலைச் செலவு 30,000, மிச்சம் 2,000. விற்பனை குறைந்தும் கையில் பணம் நிற்கிறது. பழைய படத்தில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அரைத்ததெல்லாம் விற்றுவிடும் என்று அந்தப் படம் தானாகவே எடுத்துக்கொள்கிறது.

வேலந்தாவளம் மளிகை

சரி, 18,000 சமாச்சாரம் புரிகிறது. ஆனாலும் அக்கா, என் மளிகையில் சரக்கு கடனுக்கு வருகிறது. மொத்த வியாபாரிக்கு ஒரு மாதம் கழித்துத்தான் பணம். அதனால் முதல் 30,000 வாடகைக்கும் சம்பளத்துக்கும் போனாலும் ஒன்றும் ஆகவில்லை. பதினைந்து வருடமாக ஓடுகிறதே.

சித்தூர் கணக்கு

ஓடும் அண்ணா, விற்பனை ஏறிக்கொண்டே இருக்கும்வரை ஓடும். போன மாதச் சரக்குக் கடனை இந்த மாதக் கல்லாவிலிருந்து கொடுப்பீர்கள். விற்பனை ஒரு மாதம் படுத்தால் பழைய பெரிய பில்லுக்குப் புதிய சின்னக் கல்லா போதாது. கடனுக்கு வந்த சரக்கானாலும் விற்ற அன்றே அது செலவுதான்.

பாலக்காடு பழைய பேங்க்

வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நிலைச் செலவில் 4,000 தவணையை முழுசாகச் சேர்த்ததை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தவணையில் பெரும்பகுதி அசல். அசல் திருப்புவது செலவு ஆகாது. வட்டியும் கிரைண்டரின் தேய்மானமும்தான் செலவு. கிரைண்டர் என்ன விலை, வட்டி எவ்வளவு?

கொழிஞ்சாம்பாறை மாவுக்கடை

கோயம்புத்தூரில் வாங்கியது ஐயா, 1,20,000. தவணையில் இப்போது வட்டி 900 போல வருகிறது. கல்லை அவ்வப்போது கொத்திக்கொண்டால் எட்டு வருடம் உழைக்கும் என்றார்கள்.

பாலக்காடு பழைய பேங்க்

1,20,000-ஐ எட்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 1,250. வட்டி 900. மொத்தம் 2,150. நீங்கள் போட்டது 4,000. ஆகவே நிலைச் செலவு 28,150 தான், வீணாகும் மாவையும் சேர்த்த கணக்கிலேயே உங்களுக்கு மாதம் 1,850 லாபம் வருகிறது. புள்ளி 1,689-க்கு இறங்கும், 111 பாக்கெட் விளிம்பு இருக்கிறது. லாபமே இல்லை என்று சொல்லி மனிதரைப் பயமுறுத்துவது சரியல்ல.

சித்தூர் கணக்கு

லாபக் கணக்குக்கு ஐயா சொல்வது சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் அண்ணா கேட்டது கல்லாவில் ஏன் இல்லை என்று. அந்த 1,850 கிரைண்டரின் அசலாக வங்கிக்குப் போய்விட்டது, கையில் இல்லை. தவணை கட்ட முடியுமா என்று பார்க்க 30,000 கோடு வேண்டும், தொழில் சம்பாதிக்கிறதா என்று பார்க்க 28,150 கோடு வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் புள்ளிக் கோடாகவும் முழுக் கோடாகவும் போடலாம். கடன் தீரும்வரை நான் தவணைக் கோட்டையே பார்ப்பேன்.

பாலக்காடு பழைய பேங்க்

கடன் கேட்டு வரும்போது அதைக் காட்டினால் எந்த மேனேஜரும் தொழில் தேறவில்லை என்றுதான் நினைப்பார். எனக்கு உடன்பாடில்லை.

வண்ணாமடை சமையல்கட்டு

இத்தனை பேர் இத்தனை கோடு போட்டீர்கள், ஒரு கோடு யாரும் போடவில்லை. அவர் "நானும் என் வீட்டுக்காரியும்" என்கிறார். காலை நாலு மணிக்கு எழுந்து உளுந்து களைந்து போடுவது யார்? அந்த அக்காவுக்குச் சம்பளம் எங்கே? நானும் வீட்டில் மாவு அரைத்து விற்றவள்தான். என் உழைப்பைச் சேர்க்காமல் லாபம் என்று எழுதி வைத்துக்கொண்டேன், அவ்வளவு வேலைக்கு வெளியே போனால் மாதம் 10,000 யாரும் கொடுப்பார்கள்.

சித்தூர் கணக்கு

நியாயமான கேள்வி. 10,000 சேர்த்தால் நிலைச் செலவு 40,000. பாக்கெட்டுக்கு 16 ரூபாய் 67 காசு நிற்கும் கணக்கில் 2,400 பாக்கெட் வேண்டும், தினம் 80. அண்ணா, உங்கள் கிரைண்டரும் ஆளும் சேர்ந்து ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை அரைக்க முடியும்? அந்த எண்ணிக்கையில் படத்தில் செங்குத்தாக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு வலப்பக்கம் படம் செல்லாது. புள்ளி அந்தக் கோட்டுக்கு அப்பால் விழுந்தால் எவ்வளவு ஓடினாலும் எட்ட முடியாது.

கொழிஞ்சாம்பாறை மாவுக்கடை

90 பாக்கெட் வரை போகலாம். அதற்கு மேல் என்றால் இன்னொரு கல் வேண்டும்.

வீட்டில் இந்த 10,000 சமாச்சாரத்தைப் படித்துக் காட்டினேன். சேர்க்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

கோபாலபுரம் ரோடு

90 அரைக்கலாம் என்றால் ஏன் 60-இல் நிற்கிறீர்கள்? பொள்ளாச்சி ரோட்டில் கோபாலபுரம் வரைக்கும் டீக்கடையும் மெஸ்ஸும் எவ்வளவு இருக்கிறது! 42 ரூபாய்க்குப் போடுங்கள், தினம் 25 பாக்கெட் நானே பிடித்துத் தருகிறேன். ஒரு பையனை 8,000-க்கு வையுங்கள், வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பான். விற்பனை கூடினால் எல்லாம் சரியாகும்.

சித்தூர் கணக்கு

விற்பனை கூடும்தான். ஆனால் நிலைச் செலவுக் கோடு அங்கே படி ஏறுகிறது, 30,000-இலிருந்து 38,000. அந்த 8,000-ஐ எது தேற்றும்? 42-இல் 30 போனால் 12 நிற்கும். 667 பாக்கெட் போனால்தான் பையன் சம்பளம் தேறும். 25 வீதம் மாதம் 750 என்றால் மிச்சம் 1,000. வெட்டுப் புள்ளிக்கு மேல் வெறும் 83 பாக்கெட். ஒரு மெஸ் பத்து நாள் மூடினால் போச்சு. பெட்ரோலை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். விற்காத பாக்கெட்டை அவர்கள் வைத்துக்கொள்வார்களா, திருப்பித் தருவார்களா?

கோபாலபுரம் ரோடு

திருப்பித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ரோட்டில் மாவு போடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். பத்துக்கு ஒன்று வரும், அவ்வளவுதான்.

சித்தூர் கணக்கு

பத்துக்கு ஒன்று வந்தால் 750 அனுப்பி 675-க்குத்தான் காசு. 675-ஐ 42-ஆல் பெருக்கினால் 28,350. அனுப்பிய 750-க்குச் சரக்கு 22,500. நிற்பது 5,850. பையனுக்கு 8,000. மாதம் 2,150 கையை விட்டுப் போகும். இந்தக் கணக்கில் வழி இருக்க வேண்டுமானால் ஒன்று திரும்ப எடுக்காத பேச்சாக இருக்க வேண்டும், அல்லது முதல் நாளே எத்தனை வேண்டும் என்று கேட்டு அரைக்க வேண்டும்.

கோபாலபுரம் ரோடு

முதல் நாளே சொல்லச் சொன்னால் மெஸ்காரர்கள் வேறு ஆளிடம் போய்விடுவார்கள். ஒன்றிரண்டு பேர் வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம், கேட்டுப் பார்க்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை மாவுக்கடை

கேளுங்கள் அண்ணா. அதுவரைக்கும் நான் திங்களும் செவ்வாயும் 55-ஆகக் குறைத்துப் பார்க்கிறேன். அரைத்தது, விற்றது, நின்றது மூன்றையும் தினம் எழுதுகிறேன்.

சித்தூர் அக்காவிடம் இன்னும் ஒன்று. தங்கை மகள் படத்தைத் திருத்துகிறாள். பாக்கெட்டுக்கு 33 ரூபாய் 33 காசு என்று போட்டு சைபரிலிருந்து 2,700 வரைக்கும் ஒரே நேர்கோடாக இழுக்கலாமா என்று கேட்கிறாள்.

சித்தூர் கணக்கு

இழுக்கலாம், ஆனால் 1,800-க்குப் பக்கத்தில் மட்டும்தான் நம்பச் சொல்லுங்கள். வீணாவது விற்பனையோடு அளவாக ஏறுவதில்லை. கூட்டம் உள்ள மாதத்தில் ஒன்றுமே நிற்காமல் போகலாம், மழை மாதத்தில் இரண்டு மடங்கு நிற்கலாம். நீங்கள் எழுதும் கணக்கு இரண்டு மாதம் சேர்ந்ததும் விற்ற பாக்கெட்டுக்குச் சரக்குச் செலவு எவ்வளவு என்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வகுத்து, கோட்டை மறுபடி போடச் சொல்லுங்கள். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதைப் பாதியாகப் பிரித்துப் போட மறந்துவிட வேண்டாம். அதில் நிரந்தரக் கட்டணம் படுத்த கோட்டுக்கும் யூனிட் பணம் ஏறும் கோட்டுக்கும் போகும்.